உருகுமா, திரியுமா? சமையலுக்குச் சீஸ் வாங்கும் முன்

நான் முதன்முதலில் பாஸ்தாவுக்குச் சீஸ் சாஸ் செய்தது மகளின் பிறந்தநாளன்று. விலை கூடினால் ருசியும் கூடும் என்ற கணக்கில், கடையில் இருந்தவற்றுள் விலை அதிகமான இரண்டு ஆண்டு பழைய செடார் சீஸை வாங்கி வந்தேன். கொதிக்கும் பாலில் துருவிப் போட்டுக் கிளறினேன். ஐந்து நிமிடத்தில் மேலே மஞ்சள் எண்ணெய் மிதந்தது. அடியில் மென்று துப்பிய சூயிங்கம் போல ஓர் உருண்டை கிடந்தது. எட்டிப் பார்த்த அத்தை, "பால் திரிந்துவிட்டதா?" என்று கேட்டார். அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்த மாதம் பீட்சா மீது ஃபெட்டா சீஸைத் தூவினேன். அது உருகவே இல்லை. சுண்ணாம்புக் கட்டி போல வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த முறை சீஸ் சரியாக உருகியது, ஆனால் நான் வழக்கம்போல உப்பும் போட்டிருந்ததால் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

இந்த மூன்று தோல்விகளுக்கும் காரணம் ஒன்றுதான். நான் சீஸைப் பெயரையும் விலையையும் பார்த்து வாங்கினேன். அடுப்பில் ஒரு சீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெயர் முடிவு செய்வதில்லை. பால் எப்படி உறைந்தது, அதன் பிறகு எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்ற மூன்றும்தான் முடிவு செய்கின்றன. கடைக்குப் போகும்போது இதே வரிசையில் பாருங்கள்.

1. பால் எப்படி உறைந்தது என்று முதலில் பாருங்கள்

பாலைக் கட்டியாக்க இரண்டு வழிகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று அமிலம். சூடான பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் பால் திரிந்து, தெளிநீர் தனியாகப் பிரியும். பனீர் இப்படித்தான் உருவாகிறது. மற்றொன்று ரென்னட் என்ற நொதி. வெதுவெதுப்பான பாலில் இதை மிகச் சிறிய அளவில் கலந்தால், முக்கால் மணி நேரத்தில் பால் மொத்தமும் கெட்டித் தயிர் போல வெட்டி எடுக்கும் பதத்துக்கு உறையும். செடார், கௌடா, மொசரெல்லா, பார்மிசான் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

சமையலுக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தைக் கால்சியம் ஒரு பசை போலப் பிணைத்து வைத்திருக்கிறது. ரென்னட்டில் உறைந்த சீஸில் அந்தப் பசை பெருமளவு அப்படியே இருக்கும். சூடேறும்போது பிணைப்பு தளர்ந்து, புரத வலை வழிந்து ஓடும். இதைத்தான் உருகுதல் என்கிறோம். அமிலத்தில் திரிந்த பாலில் கால்சியம் கரைந்து தெளிநீரோடு போய்விடும். புரதங்கள் ஒன்றோடொன்று நேராக இறுகிக்கொள்ளும். பனீரை எவ்வளவு சூடாக்கினாலும் உள்ளிருக்கும் தண்ணீர்தான் வெளியேறும், கட்டி மேலும் இறுகும். பாலக் பனீரில் பனீர் கரையாமல் நிற்பதும், நெடுநேரம் வதக்கினால் ரப்பர் ஆவதும் இதனால்தான். தெளிநீரைக் காய்ச்சி எடுக்கும் ரிக்கோட்டாவும், அமிலத்தை நம்பி உறையும் மென்மையான ஆட்டுப்பால் சீஸும் இதே குணத்தவை. மிருதுவாகும், குழையும், ஆனால் வழிந்து ஓடாது.

இங்கே புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சைப்ரஸ் தீவின் ஹலூமி ரென்னட்டில் உறைந்ததுதான், ஆனாலும் உருகாது. காரணம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அதில் புளிப்பு ஏற விடுவதில்லை, கால்சியம் முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு கட்டியைச் சூடான தெளிநீரிலேயே வேக வைக்கிறார்கள். பசை அதிகமாகிப் போனதால் பிணைப்பு தளர்வதே இல்லை. ஆகவே கால்சியம் அடியோடு போனாலும் உருகாது, முழுவதும் இருந்தாலும் உருகாது. இரண்டுக்கும் நடுவே, அளவாகப் புளித்து அளவாகக் கால்சியம் இழந்தவைதான் உருகும். மொசரெல்லா இழுபடுவதும் இந்த நடுப்பதத்தில்தான். தோசை மாவு சரியான புளிப்புக்கு வரக் காத்திருப்பதைப் போலவே, மொசரெல்லா செய்பவர்களும் உறைந்த பால் அந்தப் புளிப்புக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே வெந்நீரில் போட்டு இழுக்கிறார்கள். முன்கூட்டி இழுத்தால் அறுந்துபோகும்.

சந்தேகம் வந்தால் தோசைக்கல்லில் சோதித்துவிடுங்கள். சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டை, எண்ணெய் விடாத கல்லில் குறைந்த தீயில் இரண்டு நிமிடம் வையுங்கள். ஓரம் தளர்ந்து வட்டமாகப் படர்ந்தால் சாஸுக்கும் பீட்சாவுக்கும் ஆகும். வடிவம் மாறாமல் அடி மட்டும் சிவந்தால் அது வறுக்க, சுட, குழம்பில் போட ஏற்றது. படராமல் எண்ணெய் கக்கினால் அது முதிர்ந்த சீஸ். அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

2. வயதைக் கேளுங்கள்

புது அரிசியும் பழைய அரிசியும் ஒரே வயலில் விளைந்தவையாக இருக்கலாம். ஆனால் பொங்கலுக்குப் புதியதையும் பிரியாணிக்குப் பழையதையும் தேடுகிறோம். சீஸிலும் அப்படித்தான். ஒரே செடார் மூன்று மாதத்தில் ஒரு பொருள், இரண்டு ஆண்டில் வேறொரு பொருள்.

சீஸ் கிடக்கும் அறையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தண்ணீர் மெல்ல வெளியேறுகிறது. புது மொசரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். செடாரில் அது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். பார்மிசானில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாவது வேலைதான் சமையற்காரருக்கு முக்கியமானது. சீஸில் எஞ்சியிருக்கும் ரென்னட்டும், புளிக்க வைத்த பாக்டீரியாக்களின் நொதிகளும் நீண்ட புரத இழைகளைத் துண்டுதுண்டாக நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. முதலில் இழைகள் நீளமாக இருப்பதால் சீஸ் ரப்பர் போல இழுபடும். சில வாரங்களில் சற்றுக் குட்டையாகி, மென்மையாக உருகி வழியும். ஓராண்டுக்கு மேல் போனால் இழைகள் மிகவும் குறுகி, வலையே இல்லாமல் போகும். அப்போது கொழுப்பைப் பிடித்துவைக்க ஆளில்லை. சூடு பட்டதும் எண்ணெய் தனியே, புரதம் தனியே பிரியும். என் பிறந்தநாள் சாஸுக்கு நேர்ந்தது இதுதான்.

இழந்ததற்கு ஈடாகச் சுவை கிடைக்கிறது. நறுக்கப்பட்ட புரதத்திலிருந்து அமினோ அமிலங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டமேட்தான் தக்காளியிலும் காளானிலும் இருக்கும் அந்த நாவூறும் சுவை. பழைய பார்மிசானைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று தட்டுப்படும் வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்களே. உப்புக்கல் என்றோ, கெட்டுவிட்டது என்றோ நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். அந்த விலை இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

ஆகவே இளம் சீஸ் உருகுவதற்கு, முதிர்ந்த சீஸ் மணத்துக்கு. கடையில் 3 முதல் 6 மாதச் செடார், இளம் கௌடா, பீட்சாவுக்கான ஈரம் குறைந்த மொசரெல்லா ஆகியவை உருகும் வேலைக்கு. ஓராண்டைத் தாண்டிய எதையும் துருவி, கடைசியில், கொஞ்சமாக. இரண்டையும் கலப்பதுதான் பெரும்பாலான நல்ல சீஸ் சாஸ்களின் இரகசியம்.

மொசரெல்லாவில் வயது சற்றுத் தலைகீழாக ஏமாற்றும். தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டையை அன்றே சாப்பிட வேண்டும். தக்காளியோடு பச்சையாகச் சாப்பிட அதைப் போல வேறில்லை. பீட்சாவில் போட்டால் அது தண்ணீர் விட்டு மாவை நனைத்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் பிய்த்து வடிகட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றிப் பயன்படுத்துங்கள். கட்டியாக வரும் ஈரம் குறைந்த மொசரெல்லா வேறு வகை. அது செய்த அன்று சரியாக உருகாது. குளிரில் இரண்டு மூன்று வாரம் இருந்த பிறகே சீராக உருகி இழுபடும்.

பிரீ, காமம்பேர் ஆகியவற்றின் மேலே வெள்ளைப் பூஞ்சணத் தோல் இருக்கும். அவை வெளியிலிருந்து உள்நோக்கிக் கனியும். வாழைப்பழம் போலக் கனிந்த நிலையில் சாப்பிட வேண்டியவை. சமையலுக்கு அவற்றை நான் வாங்குவதில்லை.

3. உப்பைக் கணக்கிடுங்கள்

நார்த்தங்காயை உப்பில் போட்டு வெயிலில் வைத்தால் என்ன நடக்கும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வெளியேறும், கெட்டுப்போகாது, நாளாக நாளாகச் சுவை மாறும். சீஸில் உப்பு செய்வதும் இவற்றைத்தான். கூடவே ஒரு வேலையும் உண்டு. நொதிகளின் வேகத்துக்கு அது கடிவாளம். உப்பு குறைந்தால் சீஸ் விரைவில் முதிர்ந்து கசக்கும், மிகுந்தால் முதிராமல் அப்படியே நிற்கும்.

உப்பு ஏற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் எது எவ்வளவு கரிக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். செடாரில் உறைந்த பாலை உதிர்த்து, அதிலேயே உப்பைக் கலந்துவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவும். இத்தாலியின் பார்மிசானை, அதாவது பார்மிஜானோ ரெஜ்ஜானோவை, ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள சக்கரமாக அடர்ந்த உப்புநீரில் மூன்று வாரம் போல மிதக்க விடுகிறார்கள். அந்த உப்பு வெளித்தோலிலிருந்து நடுவுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். விற்பனைக்கு வரக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. கிரேக்கத்தின் ஃபெட்டாவோ உப்புநீரிலேயே வாழ்கிறது; செம்மறியாட்டுப் பாலில், அல்லது அதனுடன் 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால் கலந்து செய்து, குறைந்தது இரண்டு மாதம் முதிர வைக்கிறார்கள்.

இனி எண்கள். 100 கிராமில் உப்பு, புது மொசரெல்லாவில் அரை கிராம் அளவு இருக்கும். பார்மிசானில் சுமார் 1.6 கிராம், செடாரில் சுமார் 1.8 கிராம், ஃபெட்டாவில் இரண்டரை முதல் 3 கிராம். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கோரினோ ரோமானோ, பார்மிசானைவிட இரண்டு மடங்குக்கு மேல் கரிக்கும். ஒரு தேக்கரண்டி உப்பு 5 முதல் 6 கிராம். எனவே 100 கிராம் ஃபெட்டாவைப் போடுகிறீர்கள் என்றால் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுவிட்டீர்கள் என்று பொருள். கடையில் வாங்கும் பனீரில் பெரும்பாலும் உப்பு இருக்காது. அதனால்தான் பனீர் பழக்கத்தில் சமைப்பவர்கள் மற்ற சீஸ்களில் கை தவறுகிறோம்.

ஃபெட்டா அதிகம் கரித்தால் குளிர்ந்த நீரிலோ பாலிலோ அரை மணி நேரம் ஊற வைத்து எடுங்கள். ஆனால் மீதியை வெறும் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு நாளில் மேற்புறம் வழவழப்பாகக் குழைந்துவிடும். அது வந்த உப்புநீரையே கொட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிவிட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 70 கிராம் உப்பு என்ற கணக்கில் புதிதாகக் கரைத்து ஊற்றலாம்.

4. லேபிளைப் பத்திரம் போல வாசியுங்கள்

வீட்டுப் பத்திரத்தில் முதல் பக்கத்தைவிட உள்பக்கங்கள் முக்கியம். சீஸ் பொட்டலத்திலும் முன்பக்கப் படம் எதையும் சொல்லாது, பின்பக்கப் பொடி எழுத்துதான் சொல்லும்.

முதலில் பொருள்களின் பட்டியல். பால், உப்பு, பாக்டீரியா வளர்ப்பு, ரென்னட் என்று நான்கே இருந்தால் அது இயற்கைச் சீஸ். 331, 339, 452 போன்ற எண்களோடு குழம்பாக்கி உப்பு என்றிருந்தால் அது பதப்படுத்திய சீஸ், அதாவது புராசஸ்டு சீஸ். இந்த உப்புகள் கால்சியத்தைக் கவர்ந்துகொண்டு, கொழுப்பும் புரதமும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். எப்படிக் காய்ச்சினாலும் வழவழப்பாக இருக்கும், ஆனால் நூல் போல இழுபடாது, மணமும் குறைவு. இது கெட்ட பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். டோஸ்ட் சாண்ட்விச்சுக்கு இதுவே எளிது, விலையும் குறைவு. இயற்கைச் சீஸின் விலையை இதற்குக் கொடுக்காமல் இருந்தால் போதும். பட்டியலில் பாம் எண்ணெயோ வேறு தாவர எண்ணெயோ முன்வரிசையில் இருந்தால் அது சீஸ் போன்ற ஒன்று. அதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

துருவியே விற்கும் பொட்டலங்களில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். பீட்சாவுக்குப் பாதகமில்லை. சாஸில் போட்டால் மணல் போன்ற தன்மை வரக்கூடும். கட்டியாக வாங்கித் துருவுவதற்கு மூன்று நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது சோடியம். நம் நாட்டு லேபிள்களில் பெரும்பாலும் உப்பு என்று போடாமல் சோடியத்தை மில்லிகிராமில் போடுகிறார்கள். அதை 2.5 ஆல் பெருக்குங்கள். 100 கிராமில் 700 மில்லிகிராம் சோடியம் என்றால் 1750 மில்லிகிராம், அதாவது ஒன்றே முக்கால் கிராம் உப்பு. பதப்படுத்திய சீஸில் மட்டும் இந்தக் கணக்கு நாக்கோடு ஒத்துப்போகாது. அங்கே சோடியத்தில் ஒரு பகுதி குழம்பாக்கி உப்பிலிருந்து வருவதால் எண் காட்டும் அளவுக்குக் கரிக்காது. இரத்த அழுத்தத்துக்காகச் சோடியத்தைக் குறைப்பவர்கள் நாக்கை நம்பாமல் எண்ணையே நம்புங்கள்.

இறக்குமதிச் சீஸில் கொழுப்பு 45 சதவீதம் என்று பார்த்து மிரள வேண்டாம். ஐரோப்பாவில் தண்ணீரை நீக்கிய உலர்பொருளில் கொழுப்பு எத்தனை பங்கு என்று சொல்லும் வழக்கம் உண்டு. 100 கிராம் மொசரெல்லாவில் 55 கிராம் தண்ணீர் என்றால் உலர்பொருள் 45 கிராம். அதில் 45 சதவீதம் கொழுப்பு என்றால் மொத்தம் 20 கிராம்தான்.

சைவம் உண்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியிலிருந்து எடுத்தது. இவற்றுக்குச் சைவ வடிவமே கிடையாது. நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த பார்மிசான் வகைச் சீஸ்கள் வேறு பெயர்களில் கிடைக்கின்றன. பச்சைக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாகத் தேதி. காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பது போதாது. மென்மையான சீஸுக்குத் தயாரித்த தேதிதான் முக்கியம். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் சீஸ் செய்து விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் எத்தனை மாதம் முதிர்ந்தது என்று நேராகவே கேட்டு வாங்கலாம்.

5. என்ன சமைக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போன பிறகு யோசிப்பது வீண்செலவு. வீட்டிலேயே உங்கள் உணவுக்குச் சீஸ் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலாக இழுபட வேண்டுமா? ஈரம் குறைந்த மொசரெல்லாவைத் தவிர வேறொன்றைத் தேடி அலைய வேண்டாம். அதன் சுவை மிதமானது என்பதால் நாலில் ஒரு பங்கு இளம் செடார் சேர்க்கலாம்.

வழவழப்பான சாஸாக வேண்டுமா? இளம் செடார், இளம் கௌடா, சுவிட்சர்லாந்தின் கிருயேர். உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சுவிஸ் ஃபொண்டுவில் சீஸோடு வெள்ளை ஒயினும் மாவுப்பொருளும் சேர்ப்பது வெறும் சுவைக்காக இல்லை. ஒயினின் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, சீஸ் கயிறாகத் திரளாமல் தடுக்கிறது. எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி அதே வேலையைச் செய்யும்.

வடிவம் குலையாமல் நிற்க வேண்டுமா? பனீர் அல்லது ஹலூமி. ஹலூமியை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஈரத்தை ஒற்றி, சூடான கல்லில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் போதும். ஆறினால் பல்லில் கிறீச்சிடும், ஆகையால் சுடச்சுடப் பரிமாறுங்கள். பனீருக்குப் பதிலாக இதைக் குழம்பில் போடும்போது குழம்பில் உப்பைப் பாதியாக்குங்கள்.

உதிர்த்துத் தூவவா? ஃபெட்டா. கத்தரிக்காயைச் சுட்டு அதன் மேல் உதிர்த்துப் பாருங்கள். மணம் மட்டும் போதுமா? பார்மிசான் அல்லது அதன் சைவ உறவினர்கள், ஆளுக்கு 15 கிராம்.

விலையை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பால் தேவை; பார்மிசானுக்கு 13, 14 லிட்டர் பாலும் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பும். கிலோ விலை ஏறத்தான் செய்யும். ஆனால் பீட்சாவுக்கு ஆளுக்கு 80 கிராம் மொசரெல்லா போகும் இடத்தில், பார்மிசான் 15 கிராமில் வேலையை முடித்துவிடும். தட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் பாருங்கள்.

6. ஒரு சாஸ், அளவுகளோடு

இருவருக்கு, 200 கிராம் பாஸ்தாவுக்கான கணக்கு இது. உப்பில்லாத வெண்ணெய் 20 கிராம், மைதா 20 கிராம், பால் 300 மில்லி, இளம் செடார் 80 கிராம், பார்மிசான் வகைச் சீஸ் 30 கிராம், ஒரு சிட்டிகை மிளகுத்தூள். இரண்டு சீஸையும் மெல்லியதாகத் துருவி அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த சீஸ் சாஸின் சூட்டை இறக்கிவிடும். மறுபடி தீ மூட்டத் தோன்றும். அங்கேதான் கெடும்.

வெண்ணெயை உருக்கி மைதாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் பச்சை வாசனை போகும்வரை ஒன்றரை நிமிடம் வறுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியின் முதுகில் படியும்வரை கொதிக்க விடுங்கள். இந்த மாவுக் குழம்புதான் பாதுகாப்பு. கொழுப்புத் துளிகளும் புரதமும் ஒன்றுசேர்ந்து திரளாமல் நடுவே நின்று தடுப்பது இதில் வீங்கிய ஸ்டார்ச்.

இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் காத்திருங்கள். குமிழி முழுவதும் அடங்கிய பிறகு செடாரை மூன்று தவணையாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரைந்த பின் அடுத்ததைச் சேருங்கள். செடார் 65 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கொதிக்கும் சாஸ் 100 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் புரதம் சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து தள்ளும். பார்மிசான் வகைக்குச் சுமார் 80 டிகிரி வேண்டும் என்பதால் அதைக் கட்டியாகப் போட்டால் உருகாது. தூளாகத் துருவியிருந்தால் மட்டும் கலந்துவிடும்.

உப்புக் கணக்கைப் பார்ப்போம். 80 கிராம் செடாரில் ஏறத்தாழ 1.4 கிராம், 30 கிராம் பார்மிசானில் அரை கிராம், ஆக மொத்தம் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாஸின் எடை 400 கிராமுக்கு மேல். நூற்றுக்கு ஒரு கிராம் உப்பு நாவுக்கு இதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 2 கிராம் இடமிருக்கிறது. பாஸ்தாவை உப்பிட்ட நீரில் வேகவைத்திருப்பீர்கள், வடித்த நீரையும் இரண்டு கரண்டி சேர்ப்பீர்கள். ஆகவே சாஸில் முதலில் உப்பே போடாமல், எல்லாம் கலந்த பிறகு ருசி பார்த்து ஒரு சிட்டிகை போடுங்கள். உப்பு வெண்ணெய் பயன்படுத்தினால் அந்தச் சிட்டிகையும் வேண்டாம். பார்மிசானுக்குப் பதில் பெக்கோரினோ போட்டால் பாஸ்தா நீரிலேயே உப்பைக் குறைத்துவிடுங்கள்.

சாஸ் கெடப்போவதை முன்கூட்டியே அறியலாம். பளபளப்பு கூடி, பாத்திர ஓரத்தில் எண்ணெய் வளையம் தெரிய ஆரம்பித்தால் சூடு மிஞ்சிவிட்டது. உடனே பாத்திரத்தை இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டு வேகமாக அடியுங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் மீண்டுவிடும். உருண்டையாகத் திரண்டுவிட்டால் மீட்க முடியாது. நான் ஒரு மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

7. வாங்கிய பிறகு எத்தனை நாள்?

தண்ணீரும் உப்பும்தான் இங்கேயும் விதியை எழுதுகின்றன. ஈரம் அதிகமாக, உப்புக் குறைவாக உள்ள பனீர், புது மொசரெல்லா, ரிக்கோட்டா ஆகியவற்றைத் திறந்தால் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். செடாரும் கௌடாவும் மூன்று நான்கு வாரம் தாங்கும். பார்மிசான் கட்டி இரண்டு மாதம் வரை. கடினமான சீஸைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெண்ணெய்த்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

செடாரிலோ பார்மிசானிலோ பூஞ்சணம் தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். பூஞ்சணத்தின் மீது கத்தி படாமல் வெட்டுங்கள். மென்மையான சீஸிலும் துருவிய சீஸிலும் பூஞ்சணம் வந்தால் மொத்தத்தையும் எறிய வேண்டும். ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். கர்ப்பிணிகள் பிரீ, காமம்பேர், நீலப் பூஞ்சணச் சீஸ் ஆகியவற்றையும், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ்களையும் நன்கு சூடேற்றாமல் சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியிலும் வளரக்கூடியது.

உறைநிலையில் வைத்தால் சீஸ் உதிரும் தன்மையாகிவிடும். சமையலுக்கு என்றால் துருவிய மொசரெல்லாவைச் சிறு பைகளாகப் பிரித்து உறைய வைக்கலாம். பார்மிசானின் கெட்டித் தோலைக் குப்பையில் போடாமல் அதே உறைபெட்டியில் சேர்த்து வையுங்கள். மெழுகு பூசாத, வெறுமனே உலர்ந்த சீஸ்தான் அது. தக்காளி சூப்போ பருப்பு சூப்போ கொதிக்கும்போது உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றைப் போட்டு 40 நிமிடம் விட்டு எடுத்துவிடுங்கள். உப்பை மட்டும் அதன் பிறகு போடுங்கள்.